கட்டுரை உங்களுடையது, மார்க்கும் நீங்கள்தான் போட வேண்டும் என்றால்

பிரிட்டனில் நர்ஸாகப் பதிவு செய்ய விரும்புகிறவர்கள் ஐஇஎல்டிஎஸ் தேர்வை எழுதினால், கேட்டல், வாசிப்பு, பேச்சு மூன்றிலும் 7 எடுக்க வேண்டும், எழுத்தில் 6.5 போதும். அந்த 6.5தான் பலரைத் திரும்பத் திரும்பத் தேர்வுக் கட்டணம் கட்ட வைக்கிறது. டியூட்டி முடிந்து வந்து 40 நிமிடத்தில் ஒரு கட்டுரை எழுதிவிடுகிறார்கள். அதைப் படித்து, எங்கே குறை என்று சொல்ல ஆள் கிடைப்பதில்லை. கோச்சிங் சென்டர்களில் ஒரு கட்டுரையைத் திருத்தவே தனிக் கட்டணம் கேட்கிறார்கள்.

தேர்வாளர்கள் எதை வைத்து மதிப்பெண் போடுகிறார்களோ, அந்த அளவுகோலின் பொதுப் பதிப்பை ஐஇஎல்டிஎஸ் நிறுவனமே இலவசமாக வெளியிட்டிருக்கிறது. கட்டுரைக்கு நான்கு தலைப்புகளில் மதிப்பெண் உண்டு. கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னீர்களா, சொன்னது ஒன்றோடொன்று தொடர்ந்து வருகிறதா, சொல்வளம் எப்படி, இலக்கணம் எப்படி என்பவை அவை. நான்குக்கும் சம எடை. நான்கின் சராசரிதான் கட்டுரையின் பேண்ட். அப்படியானால் 6.5 வர, நான்கு எண்களின் கூட்டுத்தொகை 26 ஆக வேண்டும். இரண்டில் 7, இரண்டில் 6 எடுத்தால் போதும். (எழுத்துத் தேர்வில் இன்னொரு சிறிய பகுதியும் இருக்கிறது. ஆனால் கட்டுரைக்கு அதைப்போல இரண்டு மடங்கு எடை.)

ஒருவர் தன் கட்டுரையில் தானே நம்பகமாக அளக்க முடிவது முதல் இரண்டு தலைப்புகளைத்தான். பெரும்பாலானோர் அவற்றை விட்டுவிட்டு இலக்கணத்தில் போய் விழுகிறார்கள்.

ஒரு மாதிரியை எடுத்துக்கொள்வோம். கேள்வி இது: 'நகரங்களில் தனியார் வாகனங்களைத் தடை செய்து, பொதுப் போக்குவரத்தை மட்டும் அனுமதிக்க வேண்டும் என்கிறார்கள் சிலர். இதை எந்த அளவுக்கு ஏற்கிறீர்கள்?' ஒரு நர்ஸ் நான்கு பத்தியில் எழுதுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் பத்தியில் கேள்வியையே வேறு சொற்களில் சொல்லி, இதில் நன்மையும் உண்டு, தீமையும் உண்டு என்கிறார். இரண்டாவது பத்தியில் வாகனப் புகை கெடுதல், உதாரணமாகப் பெரிய நகரங்களில் புகை அதிகம் என்கிறார். மூன்றாவதில் முதியவர்களுக்குச் சொந்த வண்டி வேண்டும் என்கிறார். கடைசியில், அரசு பஸ் வசதியை மேம்படுத்த வேண்டும் என்று முடிக்கிறார்.

எழுதி முடித்த கையோடு பார்த்தால் இது 7 மாதிரிதான் தெரியும். என்ன சொல்ல நினைத்தோம் என்பது அப்போது மனதில் இருக்கும். தாளில் இல்லாததைக் கண் நிரப்பிக்கொள்ளும். அதனால் தாளை இரண்டு மூன்று நாள் எடுத்து வைத்துவிடுங்கள். பிறகு ஒவ்வொரு பத்திக்கும் பக்கத்தில், அது என்ன சொல்கிறது என்று ஒரே வரியில் தமிழில் எழுதுங்கள். ஆங்கிலத்தில் நிறைவாகத் தோன்றும் பத்தி, தமிழில் ஒரு வரியாகச் சுருங்கும்போது காலியாக இருந்தால் உடனே தெரிந்துவிடும்.

நம் மாதிரியின் ஓரத்தில் இப்படி வரும்: 'இரண்டு பக்கமும் உண்டு.' 'புகை கெடுதல்.' 'முதியவர்களுக்கு வண்டி தேவை.' 'பஸ் நன்றாக வேண்டும்.' இப்போது கேள்வியைப் படியுங்கள். தடை வேண்டுமா, வேண்டாமா? நான்கு வரியில் ஒன்றும் அதற்குப் பதில் சொல்லவில்லை. புகை இருக்கிறது என்பதற்கு உதாரணம் இருக்கிறது. தடை செய்தால் புகை குறையும் என்பதற்கு எதுவும் இல்லை.

அளவுகோலின்படி, முதல் தலைப்பில் 7 வாங்க நிலைப்பாடு தெளிவாக இருந்து வளர்க்கப்படவும் வேண்டும். முக்கியக் கருத்துகள் விரிந்து, ஆதாரத்தோடு நிற்க வேண்டும். 6 என்றால் கேள்விக்குப் பொருந்திய ஒரு நிலைப்பாடாவது இருக்கும்; முடிவுரை தெளிவில்லாமல் போகலாம், சில கருத்துகள் போதுமான அளவு வளராமல் இருக்கலாம். 5 என்றால் கேள்வியின் முக்கியப் பகுதிகளுக்கே பதில் முழுமையாக வந்திருக்காது. இந்தக் கட்டுரை 5. மனம் ஒப்பாது, ஆனால் விதி கறாரானது: ஒரு பேண்டில் சொல்லியிருக்கும் நல்ல அம்சங்கள் எல்லாம் முழுமையாகப் பொருந்தினால்தான் அந்த எண். பாதி பொருந்தினால் கீழே இறங்க வேண்டும். 'ஏறக்குறைய 7' என்று மனம் சொல்லும் இடமெல்லாம் 6தான்.

இரண்டாவது தலைப்புக்கு ஒரு சோதனை உண்டு. முதலாவதாக, மேலும், அதுமட்டுமல்லாமல் என்ற பொருளில் வரும் ஆங்கில இணைப்புச் சொற்களை எல்லாம் பென்சிலால் அடித்துவிட்டுப் படியுங்கள். அப்போதும் ஒரு வாக்கியத்திலிருந்து அடுத்தது பிறக்கிறது என்றால் தொடர்ச்சி உண்மையானது. உதிரி உதிரியாகக் கிடந்தால், அந்தச் சொற்கள் இல்லாத தொடர்பை இருப்பதாகக் காட்டிக்கொண்டிருந்தன என்று பொருள். இணைப்பு இயந்திரத்தனமாக இருக்கலாம் என்பது அளவுகோலில் 6ஆம் பேண்டின் அடையாளம். நம் மாதிரிக்கு இங்கே 6. சொல்லுக்கும் இலக்கணத்துக்கும் தலா 6 என்று வைத்தால் கூட்டுத்தொகை 23.

இனி முழுக் கட்டுரையையும் திரும்ப எழுத வேண்டாம். முதல் பத்தியில் நிலைப்பாட்டை வையுங்கள்: முழுத் தடை வேண்டாம், நெரிசலான மையப் பகுதியில் கட்டணம் போதும். இரண்டாவது பத்தி அதற்கான காரணத்தைச் சொல்லட்டும். லண்டனில் 2003 முதல் நகர மையத்துக்குள் வரும் வண்டிகளிடம் கட்டணம் வாங்குகிறார்கள்; தேவை இருப்பவர் கட்டிவிட்டு வரலாம், இல்லாதவர் பஸ்ஸுக்கு மாறலாம். மூன்றாவது பத்திக்கு உதாரணம் தேட வெளியே போக வேண்டாம். சொந்த அனுபவத்திலிருந்து எழுதலாம் என்று கேள்வித்தாளே சொல்கிறது. நடு இரவில் ஷிஃப்ட் முடிந்து வெளியே வரும் நர்ஸுக்குப் பஸ் கிடையாது. தடை வந்தால் அவர் எப்படி வீடு போவார்? இது முதியவர்கள் பற்றிய பொதுவான வரியைவிட எவ்வளவோ வலுவானது, ஏனென்றால் இது தடையைப் பற்றியே பேசுகிறது. முடிவுரையும் தடைக்கே திரும்பட்டும். இப்படி மாற்றி எழுதியது இரண்டு தலைப்புகளிலும் 7ஐத் தொட்டால் கூட்டுத்தொகை 26. சொல்லிலும் இலக்கணத்திலும் அதே 6தான் இருக்கிறது.

ஆனால் நீங்கள் போடும் 7 உண்மையான 7தானா? இதைச் சரிபார்க்காமல் உங்கள் கட்டுரையில் கை வைக்காதீர்கள். பேண்டும் தேர்வாளர் குறிப்பும் சேர்ந்த மாதிரி விடைகள் ஐஇஎல்டிஎஸ் இணையதளத்திலும் கேம்பிரிட்ஜ் பயிற்சிப் புத்தகங்களிலும் இருக்கின்றன. குறிப்பை மூடிவைத்துவிட்டு, முதலில் நீங்கள் மதிப்பெண் போடுங்கள். பிறகு திறந்து பாருங்கள். எப்போதும் ஒரு பேண்ட் கூடுதலாகவே போடுகிறீர்கள் என்றால், உங்கள் கட்டுரையிலும் ஒன்றைக் கழிக்க வேண்டியிருக்கும். சிலர் தங்களுக்கு மிகவும் கடுமையாக இருப்பார்கள். அவர்களுக்கும் இதே வழிதான்.

இலக்கணத்தில் சுயமதிப்பீடு ஓரளவுக்குத்தான் செல்லும். தெரியாத பிழை கண்ணில் படாது. தெரிந்தும் கைதவறும் பிழைகளைப் பிடிக்கலாம். தமிழில் ஆங்கிலத்தைப் போன்ற ஆர்ட்டிக்கிள் இல்லாததால், நம்மவர்களுக்கு அதிகம் விடுபடுவது அதுவே. எல்லாப் பெயர்ச்சொற்களுக்கும் அடிக்கோடிட்டு, ஒவ்வொன்றின் முன்னும் அது வேண்டுமா என்று மட்டும் பாருங்கள். அடுத்த சுற்றில் வினைச்சொற்களை மட்டும். கடைசி வாக்கியத்திலிருந்து முதல் வாக்கியத்துக்குப் பின்னோக்கிப் படித்தால் பொருள் இழுத்துக்கொண்டு போகாது. உறுதியாகச் சரி என்று தோன்றாத வாக்கியங்களுக்கு ஒரு கேள்விக்குறி போட்டு வையுங்கள். 7ஆம் பேண்டில் பிழையற்ற வாக்கியங்கள் அடிக்கடி வர வேண்டும். கேள்விக்குறிகள் பாதிக்கு மேல் போனால் 7 என்று எழுதத் துணியாதீர்கள். காசு கொடுத்து யாரிடமாவது காட்டுவதானால், கட்டுரை முழுவதையும் விட்டுவிட்டு அந்தக் கேள்விக்குறி போட்ட வாக்கியங்களை மட்டும் காட்டுங்கள்.