நானூறு பேரையும் ஒரே சமயத்தில் அசைக்க வேண்டுமா?

2014இல் வெளிவந்த ‘அசாசின்ஸ் கிரீட் யூனிட்டி’ விளையாட்டில், பிரெஞ்சுப் புரட்சிக் காலத்துப் பாரிஸ் தெருக்களை மக்கள் கூட்டம் அடைத்துக்கொண்டு நிற்கும். இப்படி ஒரு கூட்டத்தை அசைப்பது கணினிக்கு எவ்வளவு பெரிய வேலை என்பது கணக்குப் போட்டால்தான் புரியும்.

திரையில் நொடிக்கு 60 படங்கள் ஓட வேண்டுமென்றால், ஒரு படத்துக்குக் கிடைப்பது 16.6 மில்லிநொடி. ஓர் உருவத்தின் எலும்புகளை அசைத்து முடிக்க 0.05 மில்லிநொடி ஆகிறதென்று வையுங்கள். 400 பேருக்கு 20 மில்லிநொடி. மற்ற வேலைகளைத் தொடும் முன்பே நேரம் தீர்ந்துவிட்டது.

முதலில், கேமராவின் பார்வைக்குள் வராதவர்களை விட்டுவிடலாம். அப்படி 160 பேர் இருந்தால், மீதி 240. அவர்களில் அருகில் நிற்கும் 40 பேரை மட்டும் ஒவ்வொரு படத்திலும் அசைத்து, தூரத்திலுள்ள 200 பேரை நான்கு படத்துக்கு ஒருமுறை அசைத்தால் போதும். இடைப்பட்ட படங்களில் முந்தைய நிலைக்கும் அடுத்த நிலைக்கும் நடுவே உடலை நகர்த்திவிடுவார்கள். அது மலிவான வேலை. இதைச் செய்யாவிட்டால், உடல் முன்னே போய்க்கொண்டிருக்க, கால் மட்டும் உறைந்து தரையில் சறுக்கும்.

இங்கே பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. அந்த 200 பேரையும் ஒரே படத்தில் அசைத்தால், மூன்று படங்கள் 2 மில்லிநொடியில் முடியும். நான்காவது 12 மில்லிநொடி இழுக்கும். சராசரி நன்றாகவே இருக்கும், ஆட்டமோ வெட்டி வெட்டி ஓடும். படத்துக்கு 50 பேர் என்று முறைவைத்துப் பிரித்துவிட்டால், ஒவ்வொரு படமும் ஏறத்தாழ 4.5 மில்லிநொடியில் முடிந்துவிடும்.

பார்வையில் இல்லாதவர்களை எந்த அளவுக்கு நிறுத்துவது என்பதும் யோசிக்க வேண்டியதே. யூனிட்டி எஞ்சினில் (மேலே சொன்ன விளையாட்டுக்கும் இதற்கும் பெயர்தான் ஒன்று) உருவத்தின் Culling Mode அமைப்பில் Cull Completely என்று வைத்தால், திரைக்கு வெளியே அனிமேஷன் முழுதாக நின்றுவிடும். நடையை அனிமேஷனே நகர்த்தும் உருவமாக இருந்தால் சிக்கல்: நீங்கள் முகம் திருப்பியபோது ரோந்து போன காவலன், திரும்பிப் பார்க்கும்போதும் அதே இடத்தில் நிற்பான். Cull Update Transforms வைத்தால் எலும்புகளை நகர்த்தும் செலவு மிச்சமாகும். நடை மட்டும் தொடரும்.

அருகு, தூரம் என்பதை மீட்டரில் அளப்பதும் சரிவராது. துப்பாக்கியின் தொலைநோக்கி வழியாகப் பார்த்தால் நூறு மீட்டருக்கு அப்பால் இருப்பவர் திரையை நிறைப்பார். அவர் கை தத்தித் தத்தி அசைவது பளிச்சென்று தெரியும். ஆகவே உருவம் திரை உயரத்தில் எத்தனை சதவீதம் என்று பார்ப்பதே நல்லது. எல்லையில் நிற்பவர் மாறி மாறித் துள்ளாமலிருக்க இரண்டு வரம்புகள் வேண்டும்: 10 சதவீதத்துக்குக் கீழே போனால் குறைந்த தரம், 12ஐத் தாண்டினால்தான் மீண்டும் முழுத் தரம்.