எண்ணிப் பார்க்கக்கூடிய இலக்கு

‘மாணவர்கள் வாலிபாலில் அண்டர்ஹேண்ட் பாஸ் கற்பார்கள்’ என்று பாடத்திட்டத்தில் எழுதினால், கற்றார்களா என்பதை எதை வைத்துச் சொல்வது? இப்படி எழுதலாம்: 3 மீட்டர் தொலைவிலிருந்து தோழர் எறியும் பந்தை, முழங்கை மடக்காமல், 10 முறையில் 6 முறையாவது அவர் ஓரடிக்கு மேல் நகராமல் பிடிக்கும்படி திருப்பி அனுப்புவார்.

இதிலேயே பயிற்சியும் அடங்கியிருக்கிறது: இருவர் இருவராக எறிவதும் அனுப்புவதும். பலர் இங்கேதான் சறுக்குகிறார்கள். நேரே ஆட்டத்துக்கு விட்டுவிடுகிறார்கள். அதில் பாதிப் பேருக்குப் பந்தே வராது.

தேர்விலும் அதே தொலைவு, அதே எறிதல்தான். சர்வீஸ் போடச் சொல்லி மதிப்பெண் இட்டால் அளக்கப்படுவது வேறு திறன். முழங்கையை மடக்கியே ஒருவர் 6 எடுத்தால் அது தேர்ச்சியல்ல. எண்ணும்போது கையையும் பார்க்க வேண்டும். எல்லோருமே 10 எடுத்தால் தொலைவைக் கூட்டலாம்.