கணிப்பு இடைவெளி ஏன் இவ்வளவு அகலம்?

ஆர் மென்பொருளோடு `cars` என்றொரு தரவுத் தொகுப்பு வருகிறது. 1920களில் 50 முறை அளந்தவை: மணிக்கு எத்தனை மைல் வேகத்தில் போன கார், பிரேக் போட்டபின் எத்தனை அடியில் நின்றது என்ற கணக்கு. இதில் நேர்கோடு பொருத்தினால், 15 மைல் வேகத்துக்கு 41.4 அடி என்று வரும்.

இதை எவ்வளவு நம்பலாம்? அது எதைக் கேட்கிறோம் என்பதைப் பொறுத்தது. 15 மைல் வேகத்தில் போகும் கார்களின் சராசரி தூரம் என்றால், 95% நம்பிக்கை இடைவெளி 37 முதல் 46 அடி. அடுத்து வரும் ஒரே ஒரு கார் என்றால், கணிப்பு இடைவெளி 10 முதல் 73 அடி!

காரணம், முதலாவதில் கோடு சற்று இடம் மாறியிருக்கலாம் என்ற ஐயம் மட்டுமே உண்டு. அதன் திட்டப்பிழை 2.18 அடி. இரண்டாவதில், கோடு துல்லியமாகவே இருந்தாலும் தனிக் கார் அதிலிருந்து விலகும். அந்தச் சிதறல் 15.38 அடி. இரண்டின் வர்க்கங்களையும் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 15.53. அதாவது, அகலம் கிட்டத்தட்ட முழுக்கச் சிதறலால் வந்ததுதான். தரவைப் பெருக்கப் பெருக்க முதல் இடைவெளி சுருங்கிக்கொண்டே போகும். இரண்டாவதோ இருபுறமும் சுமார் 30 அடிக்குக் கீழே இறங்காது.

5 மைலுக்குக் கணித்தால் கீழ் எல்லை −30 அடி. நிற்கும் தூரம் எதிர்மறையாக இருக்க முடியுமா? குறைந்த வேகத்தில் உண்மையான சிதறல் சிறியது. சூத்திரமோ எல்லா வேகத்துக்கும் ஒரே சிதறல் என்று எடுத்துக்கொள்கிறது. மீதங்களை வேகத்துக்கு எதிரே வரைந்து பார்த்தால், அவை வலப்புறம் விரிவது தெரியும்.