சரணம் அடங்கினால்தான் பல்லவி எழும்

ஒரு மைக், ஒரு ஆடியோ இன்டர்ஃபேஸ், ஒரு லேப்டாப். இவ்வளவுதான் வைத்துக்கொண்டு வீட்டு அறையில் பாட்டுப் பதிவு செய்பவர்கள் இன்று நிறைய இருக்கிறார்கள். அவர்கள் அனுப்பும் டெமோக்களில் ஒரு குறை அடிக்கடி காதில் படும். மெட்டு நன்றாக இருக்கும், குரலும் நன்றாக இருக்கும். சரணம் மெதுவாக நடந்து, பல்லவியில் பாட்டு விரிந்து எழ வேண்டும் என்றுதான் இசையமைத்தவரும் நினைத்திருப்பார். ஆனால் பல்லவி வரும் இடத்தில் எதுவும் நடக்காது. கூடுதலாக இரண்டு வாத்தியம் கேட்கும், அவ்வளவுதான். (இளைஞர்கள் வெர்ஸ், கோரஸ் என்று சொல்வதையே இங்கே சரணம், பல்லவி என்கிறேன்.)

பல்லவியின் சத்தத்தை ஏற்றிவிட்டால் போதாதா என்று தோன்றும். அதற்கு இரண்டு தடைகள் உண்டு. கம்ப்யூட்டரில் பதிவாகும் ஒலிக்கு ஒரு உச்சவரம்பு இருக்கிறது. 0 டெசிபல் என்று குறிக்கப்படும் அந்தக் கோட்டைத் தாண்டினால் ஒலி கிழிந்து கரகரக்கும். எனவே பல்லவி ஓரளவுக்கு மேல் போகாது. அப்படியானால் சரணத்தை இறக்கலாமே என்றால், கேட்பவர் பஸ்ஸில் இருக்கிறார், காதில் இயர்போன். சத்தம் இரண்டு மடங்கானதுபோல் காதுக்குத் தோன்ற ஏறக்குறைய 10 டெசிபல் வித்தியாசம் வேண்டும். அவ்வளவு இறக்கினால் சரணத்தின் வரிகள் எஞ்சின் சத்தத்தில் கரைந்துபோகும். நடைமுறையில் இரண்டுக்கும் நடுவே வைக்க முடிவது 3 அல்லது 4 டெசிபல்தான். அது காதுக்குத் தெரியும், ஆனால் சிலிர்க்க வைக்காது. மீதி வித்தியாசத்தை ஃபேடரால் உண்டாக்க முடியாது. அதை வாத்தியம் வாசிக்கும்போதும் பாடும்போதுமே உண்டாக்கியாக வேண்டும்.

1991-இல் வந்த நிர்வாணா குழுவின் ‘ஸ்மெல்ஸ் லைக் டீன் ஸ்பிரிட்’ இதற்குப் புகழ்பெற்ற உதாரணம். அதன் சரணத்தில் டிரம்ஸும் பேஸும் தொடர்ந்து ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. கிட்டார் மட்டும் கரகரப்பு நீங்கி, அங்கங்கே இரண்டு சுரங்களைத் தட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. குரல் தாழ்ந்த இடத்தில் முணுமுணுக்கிறது. பல்லவியில் கிட்டார்கள் முழுக் கரகரப்போடு நிறைந்து வர, குரல் மேலே ஏறிக் கத்துகிறது. அந்தப் பல்லவி பிரம்மாண்டமாகத் தெரிவதற்குப் பாதிக் காரணம், சரணத்தில் கிட்டார் வாசிக்காமல் விட்டவைதான்.

இதை நம் வீட்டு அறைக்குக் கொண்டுவருவோம். ஒரு குரல், ஒரு அக்கூஸ்டிக் கிட்டார், பேஸ், கம்ப்யூட்டரில் போட்ட டிரம்ஸ், இவ்வளவு உள்ள பாட்டு என்று வைத்துக்கொள்வோம். மைக்கை எடுக்கும் முன் ஒரு தாளில் கட்டம் போடுங்கள். மேலே பாட்டின் பகுதிகள்: முதல் சரணம், பல்லவி, இரண்டாம் சரணம், பல்லவி, கடைசிப் பல்லவி. பக்கவாட்டில் வாத்தியங்கள். ஒவ்வொரு பகுதியின் தலையிலும் ஒன்றிலிருந்து ஐந்துக்குள் ஒரு எண் எழுதுங்கள். முதல் சரணத்துக்கு 1, முதல் பல்லவிக்கு 4, இரண்டாம் சரணத்துக்கு 2, அடுத்த பல்லவிக்கும் 4, கடைசிப் பல்லவிக்கு மட்டும் 5. முதல் பல்லவியிலேயே 5 போட்டுவிட்டால் கடைசியில் கொடுக்க எதுவும் மிஞ்சாது.

அடுத்தது கழித்தல். முதல் சரணத்தில் கிட்டாரை விரலால் ஒவ்வொரு கம்பியாக மீட்டினால் போதும். பேஸ் வேண்டாம், டிரம்ஸும் வேண்டாம். கிட்டாரும் குரலும் இடது வலது பிரியாமல் நடுவிலேயே நிற்கட்டும். மெட்டு அமைக்கும்போதே சரணத்தை மத்திய ஸட்ஜத்துக்கும் பஞ்சமத்துக்கும் நடுவே அடக்கி வைத்து, பல்லவியை பஞ்சமத்தில் தொடங்கி மேல் ஸட்ஜத்தைத் தொட விட்டால், எந்தக் கருவியும் சேராமலே குரல் எழுந்துவிடும்.

பல்லவியில் கிட்டாரை பிக் வைத்து முழுவதுமாக அடித்து வாசியுங்கள். அதை இரண்டு முறை தனித்தனியாகப் பதிவு செய்து, ஒன்றை முழுக்க இடது பக்கமும் மற்றதை முழுக்க வலது பக்கமும் தள்ளுங்கள். இங்கே பலர் குறுக்கு வழியில் போகிறார்கள். ஒரே பதிவை நகலெடுத்து இரு பக்கமும் வைக்கிறார்கள். இரண்டும் அச்சுக்கு அச்சு ஒன்றாக இருந்தால் காது அதை நடுவில் ஒரே ஒலியாகத்தான் கேட்கும். சத்தம் கூடும், அகலம் வராது. இரண்டாவது முறை வாசிக்கும்போது கையில் வரும் சின்னச் சின்ன வேறுபாடுகள்தான் அந்த அகலத்தைத் தருகின்றன. பேஸும் டிரம்ஸும் பல்லவியின் முதல் அடியில் ஒன்றாக இறங்கட்டும். அதுவரை அடிநாதமே இல்லாமல் இருந்த பாட்டில் அது வந்து விழும்போது உடம்பே உணரும்.

இனி குரல். இதில்தான் வீட்டுப் பதிவுகள் அதிகம் தோற்கின்றன. மெல்லப் பாடிய குரலை எவ்வளவு ஏற்றினாலும் அது சத்தமாகக் கேட்கும் மெல்லிய குரலாகவே இருக்கும். உரத்துப் பாடியதை எவ்வளவு இறக்கினாலும் அது தூரத்தில் உரத்துப் பாடுவதாகவே கேட்கும். தொண்டை எவ்வளவு உழைக்கிறது என்பதைக் குரலின் நிறத்திலிருந்தே காது கண்டுபிடித்துவிடும். ஃப்ளாட்டில் குடியிருப்பவர்கள் இரவு பதினோரு மணிக்கு, பக்கத்து வீட்டுக்காரர் என்ன சொல்வாரோ என்று பாதித் தொண்டையில் பல்லவியைப் பாடுகிறார்கள். பிறகு அதை எந்த மென்பொருளாலும் சரிசெய்ய முடியாது. சரணத்தை இரவில் பதிவு செய்யலாம், தெரு அடங்கியிருக்கும். பல்லவியைப் பகலில் முழுத் தொண்டையில் பாடுங்கள். வீட்டில் முடியாவிட்டால் ஒதுக்குப்புறமாக நிறுத்திய காருக்குள் பாடலாம். இருக்கை மெத்தைகள் எதிரொலியை நன்றாக விழுங்கும்.

சரணத்தையும் பல்லவியையும் தனித்தனி டிராக்கில் எடுப்பது நல்லது. சரணத்துக்கு மைக்கிலிருந்து அரைச் சாணுக்குச் சற்றுக் கூடுதலான தூரத்தில், சுமார் 15 சென்டிமீட்டரில் நில்லுங்கள். பெரும்பாலான பாட்டு மைக்குகள் இவ்வளவு அருகில் வரும் குரலின் அடிப்பகுதியைத் தூக்கிக் காட்டும். காதோரம் பேசும் நெருக்கம் அதனால் கிடைக்கும். பல்லவிக்கு ஒரு முழத்துக்கு உட்பட்டு, 30 அல்லது 35 சென்டிமீட்டர் தள்ளி நின்று பாடுங்கள். முதுகுக்குப் பின்னால் ஒரு கனத்த போர்வையைத் தொங்கவிடுங்கள், இல்லையென்றால் சுவரின் எதிரொலி குரலோடு ஒட்டிக்கொள்ளும். ஒலி ஏற்பை, அதாவது கெயினை, பல்லவியின் மிக உரத்த வரியைப் பாடிப் பார்த்து, மீட்டர் -10 டெசிபல் அருகில் நிற்கும்படி வையுங்கள். சரணத்துக்குக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளலாம், ஆனால் மின்விசிறியை அணைத்தாக வேண்டும். மெல்லிய குரலை மிக்ஸிங்கில் பத்து டெசிபல் ஏற்றினால் விசிறிச் சத்தமும் அதே பத்து டெசிபல் ஏறிக்கொண்டு வரும். பின்னணியில் வாத்தியமும் குறைவு என்பதால் ஒளிந்துகொள்ள அதற்கு இடமில்லை.

மிக்ஸிங்கில் எனக்குப் பிடித்த முறை, குரலைக் கிட்டத்தட்ட ஒரே உயரத்தில் வைத்துக்கொண்டு சுற்றியுள்ளவற்றை மட்டும் அசைப்பது. சரணத்திலிருந்து பல்லவிக்குக் குரல் ஒன்று அல்லது ஒன்றரை டெசிபல் ஏறினால் போதும். சரணத்தில் துணைக்கு ஒற்றைக் கிட்டார்தான் என்பதால் குரல் முன்னால் பெரிதாகத் தெரியும், பஸ்ஸிலும் வரிகள் புரியும். பல்லவியில் வாத்தியக் கூட்டம் எழுந்து அதைச் சூழ்ந்துகொள்ளும். மொத்தப் பாட்டின் சத்தத்தை அளக்க லௌட்னஸ் மீட்டர் இருந்தால், சில விநாடிச் சராசரியைக் காட்டும் அளவைப் பாருங்கள். சரணம் -18 LUFS, பல்லவி -14 LUFS என்று அமைந்தால் இடைவெளி ஆரோக்கியமாக இருக்கிறது. பல்லவிக்கு முந்தைய கடைசி அரை அடியில் எல்லா வாத்தியத்தையும் நிறுத்தி, ஒரு மூச்சு மட்டும் கேட்கும்படி விட்டுப் பாருங்கள். அந்த வெற்றிடத்தில் காது தளர்ந்துகொள்வதால் அடுத்த அடி உண்மையில் இருப்பதைவிடப் பெரிதாக விழும்.

இவ்வளவையும் செய்துவிட்டு கடைசிப் படியில் கெடுத்துக்கொள்வதும் நடக்கிறது. பாட்டு முழுவதற்கும் பொதுவான மாஸ்டர் டிராக்கில் ஒரு லிமிட்டரைப் போட்டு, எல்லாம் சத்தமாகக் கேட்கட்டும் என்று தள்ளுவார்கள். லிமிட்டர் உச்சங்களை அமுக்கும் கருவி. சரணத்தைக் கூரைவரை தூக்கிவிட்டு, ஏறி வரும் பல்லவியை அதே கூரையில் அழுத்தினால், இரண்டும் ஒரே உயரத்தில் நிற்கும். சில சமயம் பல்லவி சரணத்தைவிடச் சிறியதாகக்கூடக் கேட்கும். இதைக் கண்டுபிடிப்பது எளிது. பல்லவியின் முதல் அடியில் டிரம்ஸ் விழும் அதே கணத்தில் குரல் ஒரு அடி பின்வாங்கினால், லிமிட்டரோ மாஸ்டரில் உள்ள கம்ப்ரெஸரோ அதைப் பிடித்து இழுக்கிறது என்று அர்த்தம். எவ்வளவு அமுக்குகிறது என்று காட்டும் மீட்டரைப் பாருங்கள். சரணத்தில் அது அசையவே கூடாது. பல்லவியில் 2, 3 டெசிபலுக்கு மேல் போகக் கூடாது. போனால் லிமிட்டருக்குள் செல்லும் அளவைக் குறையுங்கள்.

மொத்தச் சத்தம் மற்றவர்களுடையதைவிடக் குறைந்துவிடுமே என்ற பயம் தேவையில்லை. ஸ்பாட்டிஃபை வழக்கமாகப் பாட்டு முழுவதன் சராசரியை அளந்து -14 LUFS அருகே கொண்டுவருகிறது. அதிகச் சத்தமாகத் தள்ளிய பாட்டை அது இறக்கித்தான் ஒலிக்கவிடும். தனிப்பாட்டாகக் கேட்கும்போது முழுப் பாட்டையும் சேர்த்தே ஏற்றி இறக்குவதால், சரணத்துக்கும் பல்லவிக்கும் நீங்கள் வைத்த இடைவெளி அப்படியே இருக்கும்.

முடிந்த பாட்டை இரண்டு விதமாகச் சோதியுங்கள். முதலில் ஸ்பீக்கரின் சத்தத்தைக் கேட்டும் கேட்காத அளவுக்கு இறக்கி, சரணத்திலிருந்து பல்லவிக்குப் போகும் இடத்தை மட்டும் கேளுங்கள். அந்தச் சன்னமான ஒலியிலும் பல்லவி எழுவது தெரிந்தால் ஏற்பாடு சரி. பிறகு செல்போனின் சொந்த ஸ்பீக்கரில் போடுங்கள். அந்தச் சின்ன ஸ்பீக்கரில் பேஸும் டிரம்ஸின் அடி ஒலியும் ஏறக்குறைய காணாமல் போகும். ஹெட்போனில் பிரம்மாண்டமாக இருந்த பல்லவி செல்போனில் சப்பென்று இருந்தால், எழுச்சி முழுவதையும் அடிநாதத்தின் தலையில் ஏற்றிவிட்டீர்கள் என்று பொருள். ஃபேடரைத் தொடாதீர்கள். குரலை இன்னொரு முறை மேல் ஸ்தாயியில் பாடி அடியில் மெல்லச் சேருங்கள், அல்லது கிட்டாரின் அடியைக் கொஞ்சம் பளிச்சென்று மீண்டும் வாசித்து எடுங்கள். செல்போனிலும் கேட்கிற ஒலிகள் அவைதான்.