மூக்கடைத்தால் பால் எப்படிக் குடிப்பாள்?

நான்கு மாதக் குழந்தை சளி பிடித்ததிலிருந்து மார்பில் வாய் வைத்ததுமே விட்டுவிட்டு அழுகிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். பசியில்லாமல் அல்ல, இந்த வயதில் குழந்தைகள் பெரும்பாலும் மூக்கால்தான் மூச்சு விடுவார்கள். மூக்கடைத்தால் பாலை உறிஞ்சிக்கொண்டே மூச்சுவிட முடியாது.

மருந்துக்கடையில் கிடைக்கும் குழந்தைகளுக்கான உப்புநீர்ச் சொட்டு மருந்தைப் பால் கொடுக்கும் முன் ஒவ்வொரு மூக்குத் துவாரத்திலும் ஓரிரு சொட்டு விடுங்கள். சற்றுப் பொறுத்து, இளகி வரும் சளியை மெல்லிய துணியால் துடையுங்கள். பிறகு, கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி பால் கொடுங்கள். மூக்கில் எண்ணெய் விடாதீர்கள். அது நுரையீரலுக்குள் போய்விடலாம். சாம்பிராணிப் புகையும் இருமல் சிரப்பும் வேண்டாம்.

அழாமல் இருக்கும்போது ஒரு நிமிடம் முழுக்க மூச்சை எண்ணுங்கள். 50 அல்லது அதற்கு மேல் இருந்தாலோ, விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலோ, பால் குடிக்கவே மறுத்தாலோ அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்.