மார்ச் 8: மேடைக்குப் பக்கத்தில் ஒரு பி.எஃப். மேசை

மகளிர் தினத்தன்று பெரும்பாலான அலுவலகங்களில் நடப்பது நமக்கெல்லாம் தெரிந்ததுதான். ஒரே நிறத்தில் புடவை, வாசலில் கோலம், கேக், சிறப்பு விருந்தினரின் உரை, ஆளுக்கொரு டிபன் பாக்ஸ். கோலம் போட்டவர்கள் பெண்கள், ஏற்பாட்டுக்கு அலைந்தவர்கள் பெண்கள், கடைசியில் கேக் தட்டுகளை அள்ளிப் போடுகிறவரும் ஒரு பெண். அந்தக் கடைசிப் பெண்ணின் பெயர் பெரும்பாலும் அழைப்பிதழ்ப் பட்டியலிலேயே இருக்காது. அவர் கான்ட்ராக்டரின் ஆள்.

1917இல் ரஷ்யாவின் பெத்ரோகிராத் நகரில் நெசவாலைப் பெண்கள் ரொட்டி கேட்டு வேலையை நிறுத்தித் தெருவில் இறங்கிய நாள்தான் இந்த மார்ச் 8. உழைக்கும் பெண்களின் நாளாகப் பிறந்ததை அலுவலகத்தில் கொண்டாடும்போது, அவர்கள் செய்த வேலையைப் பெயர் சொல்லிச் சொல்வதும், அவர்களுக்குச் சேரவேண்டியது சேர்ந்திருக்கிறதா என்று பார்ப்பதும்தான் பொருத்தமான மரியாதை. இரண்டுக்கும் பெரிய செலவில்லை. ஆனால் பிப்ரவரி நடுவிலேயே தொடங்கிவிட வேண்டும்.

நடுத்தரமான ஒரு தனியார் மருத்துவமனையை எடுத்துக்கொள்வோம். நர்ஸ், லேப், பில்லிங், ஹவுஸ்கீப்பிங் எல்லாம் சேர்த்து அறுபது பெண்கள், மூன்று ஷிப்ட். மாலை ஐந்து மணிக்கு விழா வைத்தால் காலை ஷிப்ட்காரர் பஸ்ஸைத் தவறவிடுவார், இரவு ஷிப்ட்காரர் தூக்கத்தைத் தவறவிடுவார். ஆகவே விழா வேலை நேரத்துக்குள், ஒவ்வொரு ஷிப்டுக்கும் அரை மணி நேரமாக நடக்கட்டும். அந்த நேரம் வார்டையும் கவுண்டரையும் ஆண் ஊழியர்களும் மேலாளர்களும் பார்த்துக்கொள்ளட்டும்.

முதலில் பாராட்டு. ‘அர்ப்பணிப்பு மிக்க சேவைக்காக’ என்று அச்சடித்த சான்றிதழில் யார் பெயரை வேண்டுமானாலும் எழுதலாம். அதனாலேயே அது யாருக்கும் ஒட்டாது. இரண்டு வாரம் முன்பே, உடன் வேலை செய்பவர்கள் மூன்று பேரிடம் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: “இவர் ஒரு நாள் வரவில்லை என்றால் இங்கே என்ன நிற்கும்?” பதில்கள் ஆச்சரியமாக இருக்கும். உதாரணத்துக்கு, கருவிகளைக் கிருமி நீக்கும் பிரிவில் இருக்கும் ஒரு பெண்ணைப் பற்றி இப்படி எழுத முடியும்: ‘காலை முதல் ஆபரேஷனுக்குப் போகவேண்டிய பெட்டி. வெளியே ஒட்டிய டேப்பில் கோடுகள் சரியாகவே கறுத்திருந்தன. உள்ளே வைத்த பட்டை மட்டும் நிறம் மாறவில்லை. நீராவி உள்ளே போய்ச் சேரவில்லை என்று புரிந்துகொண்டு, அந்த முறை இயந்திரத்தில் வைத்த அத்தனை பெட்டிகளையும் நிறுத்தி, மறுபடி போட்டார். ஆபரேஷன் தாமதமானதற்கு வந்த திட்டையும் வாங்கிக்கொண்டார்.’ நான்கைந்து வரிதான், ஆனால் இந்தப் பெண்ணைத் தவிர வேறு யாருக்கும் இது பொருந்தாது.

எழுதியதை மேடையேற்றும் முன் அவரிடமே படித்துக் காட்டுங்கள். தவறு இருந்தால் திருத்துவார், பொதுவில் வேண்டாம் என்றால் கடிதமாகவே கையில் கொடுத்துவிடலாம். அறுபது பேருக்கும் கடிதம் போகட்டும், மேடையில் பிரிவுக்கு ஒன்று வாசித்தால் போதும். ‘சிறந்த பெண் ஊழியர்’ என்று ஒருவரைத் தேர்ந்தெடுப்பதை நான் விரும்புவதில்லை. ஒருவர் மகிழ, ஐம்பத்தொன்பது பேர் கைதட்டிவிட்டுப் போவார்கள். இன்னொன்று முக்கியம்: கடிதத்தின் ஒரு பிரதி அவருடைய பணிக் கோப்பில் சேரவேண்டும். சம்பள உயர்வு பேசும்போது மேலாளர் கண்ணில் படும் இடம் அதுதான்.

அடுத்தது பி.எஃப். மேசை. எச்.ஆரிலிருந்து இருவர், ஒரு கணினி, ஒரு பிரின்டர். வருகிற ஒவ்வொருவருக்கும் பாஸ்புக்கைத் திறந்து காட்டி மூன்று விஷயம் பார்க்க வேண்டும்.

ஒன்று, பெயர். நம் ஊரில் பெண்களுக்கு இனிஷியலே ஒரு சிக்கல். வேலைக்குச் சேர்ந்தபோது அப்பாவின் இனிஷியல், கல்யாணத்துக்குப் பிறகு ஆதாரில் கணவரின் இனிஷியல். இரண்டும் பொருந்தாததால், அவசரத்துக்குப் பணம் எடுக்கப் போகும் நாளில்தான் விண்ணப்பம் திரும்பி வரும். திருத்த விண்ணப்பத்தால் இது சரியாகும். ஆனால் நாள் பிடிக்கும்.

இரண்டு, நாமினி. திருமணத்துக்கு முன் எழுதிய நாமினியை நம்பி இருக்கக்கூடாது, திருமணத்துக்குப் பிறகு புதிதாகத் தாக்கல் செய்ய வேண்டும். பணியில் இருக்கும்போது ஊழியர் இறந்தால் பி.எஃப். தொகையோடு, அதனுடன் இணைந்த காப்பீட்டில் 7 லட்சம் ரூபாய் வரை குடும்பத்துக்குக் கிடைக்கும். நாமினி சரியாக இல்லாவிட்டால் அந்தக் குடும்பம் வாரிசுச் சான்றிதழுக்கு அலையவேண்டி வரும். ஆன்லைனில் நாமினியின் விவரங்களைச் சேமித்தால் மட்டும் வேலை முடிந்துவிடாது. ஆதாரோடு இணைந்த போனுக்கு வரும் ஓ.டி.பி.யைப் போட்டு மின்கையொப்பம் இட்டால்தான் அது செல்லும். இங்கேதான் பலருக்கும் தடைபடும்: ஆதாரில் இருப்பது கணவரின் எண்ணாகவோ மகனின் எண்ணாகவோ இருக்கும், அல்லது எப்போதோ தூக்கிப்போட்ட சிம்மாக இருக்கும். அதை முன்கூட்டியே மாற்றிவிட வேண்டும் என்பதால், “உங்கள் ஆதாரில் எந்த போன் எண்?” என்ற கேள்வியை பிப்ரவரியிலேயே கேட்டுவிட வேண்டும்.

மூன்று, விட்டுப்போன வருடங்கள். எனக்கு மிகவும் வருத்தம் தருவது இதுதான். பிரசவத்துக்காகவோ மாமியாரைப் பார்த்துக்கொள்ளவோ வேலையை விடும் பெண், கையில் கிடைக்கட்டும் என்று பி.எஃப். பணத்தோடு ஓய்வூதியப் பங்கையும் எடுத்துவிடுகிறார். மாத ஓய்வூதியம் பெற மொத்தம் 10 ஆண்டுப் பணிக்காலம் வேண்டும். பங்கை எடுத்துவிட்டால் அதற்கான வருடங்கள் போயின. எடுக்காமல் ‘ஸ்கீம் சான்றிதழ்’ வாங்கி வைத்தால் நான்கு வருடம் இங்கே, ஆறு வருடம் அங்கே என்று கூட்டிக்கொள்ளலாம். ஏற்கெனவே எடுத்தவருக்கு அதைத் திருப்ப முடியாது. ஆனால் பழைய நிறுவனத்தின் கணக்கை அப்படியே மறந்துவிட்டவர்கள் நிறைய. அதை இப்போதைய யு.ஏ.என். எண்ணுக்கு மாற்றினால் அந்த வருடங்கள் திரும்பி வந்துவிடும்.

ஹவுஸ்கீப்பிங் பெண்கள் இந்த மேசைக்கு வரும்போது சங்கடம் வரலாம். பாஸ்புக்கில் சில மாதங்கள் விடுபட்டிருக்கும். அல்லது சம்பளத்தில் பிடித்தம் இருக்கும், யு.ஏ.என்.னே இருக்காது. கான்ட்ராக்டர் கட்டவில்லை என்று சொல்லி நிறுவனம் ஒதுங்க முடியாது. அவர் கட்டத் தவறினால் வேலை வாங்கும் முதன்மை நிறுவனமே பொறுப்பு. ஆகவே மாதாமாதம் கான்ட்ராக்டரின் பில்லைப் பாஸ் செய்யும் முன், பெயர்ப் பட்டியலோடு கூடிய பி.எஃப். ரசீதைக் கேட்டு வாங்குவது நிறுவனத்துக்கும் நல்லது. சில நிர்வாகங்கள் இதற்காகவே மேசை வேண்டாம் என்பார்கள். அந்தப் பெண்களுக்கு மற்ற நாளில் இதைக் கேட்க வாய் வராது என்பதால், மேசை இருந்தே ஆகவேண்டும் என்பேன்.

மேடையில் இன்னும் இரண்டு நிமிடம் ஒதுக்க முடிந்தால், பாலியல் புகார்களை விசாரிக்கும் உள்ளகக் குழு உறுப்பினர்களை எழுந்து நிற்கச் சொல்லுங்கள். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் இந்தக் குழு இருக்கவேண்டும் என்பது 2013ஆம் ஆண்டுச் சட்டம். நோட்டீஸ் போர்டில் பெயர் இருக்கும், முகம் தெரியாது. சம்பவம் நடந்த மூன்று மாதத்துக்குள் புகார் தரவேண்டும் என்பதையும், கான்ட்ராக்ட் ஊழியரும் தரலாம் என்பதையும் அவர்களே தங்கள் வாயால் சொல்லட்டும்.

மாலையில் மேசையை மடிக்கும்போது கையில் ஒரு பட்டியல் இருக்கும்: யாருக்கு இனிஷியல் திருத்தம், யாருக்கு போன் எண், யாருக்குப் பழைய கணக்கு மாற்றம், எந்த மாதங்களுக்குக் கான்ட்ராக்டரின் ரசீது பாக்கி. ஒவ்வொரு வரிக்கும் எதிரே எச்.ஆரில் ஒருவர் பெயரும் ஒரு தேதியும் எழுதப்பட வேண்டும். ஜூன் மாதம் அதே பட்டியலை எடுத்து, முடியாத வரிகளை நிர்வாகத்தின் முன் வைக்க வேண்டும்.