வெள்ளையை வாரிச் சென்று கருமணலை விட்டுவைக்கும் அலை

1909-ஆம் ஆண்டு. திருவிதாங்கூரிலிருந்து ஜெர்மனிக்கு இறக்குமதியான தென்னை நாரில் கொஞ்சம் மணல் ஒட்டிக்கொண்டிருந்தது. அதில் மோனசைட் கலந்திருப்பதை ஷோம்பெர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் கண்டுகொண்டார். அந்தக் காலத்து காஸ் விளக்குகளின் மேண்டிலுக்கு தோரியம் தேவைப்பட்டது. தோரியம் மோனசைட்டிலிருந்து கிடைத்தது. நார் புறப்பட்ட கரையைத் தேடிவந்தவர், அப்போது திருவிதாங்கூரின் பகுதியாக இருந்த மணவாளக்குறிச்சியில் மணலைப் பிரிக்கும் தொழிலைத் தொடங்கினார். இன்று அங்கே மத்திய அரசு நிறுவனமான ஐ.ஆர்.இ.எல்லின் மணல் ஆலை இயங்குகிறது.

குமரி மாவட்டத்து மலைப் பாறையை உடைத்து அரைத்தால் அதில் இல்மனைட் கொஞ்சம்தான் தேறும். மோனசைட் அதைவிடவும் அரிது. அதே கனிமங்கள் கரையில் சில இடங்களில் மணலின் பெரும்பங்காகவே குவிந்து, தரையைக் கறுப்பாக்கிவிடுகின்றன. கனமானது முதலில் மூழ்கும், அதனால் ஓரிடத்தில் சேரும் என்றுதான் பலரும் இதற்கு விளக்கம் சொல்வார்கள். அது பாதி உண்மை. மீதிப் பாதிதான் சுவையானது.

பயணம் மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்கோடியில் தொடங்குகிறது. சார்னோகைட், கோண்டலைட் எனப்படும் பழம்பாறைகள் மழையிலும் வெயிலிலும் நெடுங்காலம் மக்குகின்றன. அவற்றிலுள்ள ஃபெல்ட்ஸ்பார் களிமண்ணாகிக் கரைந்து போகிறது. குவார்ட்ஸ், இல்மனைட், சிர்கான், ரூட்டைல், மோனசைட் போன்றவை எளிதில் மக்காதவை. மணிமணியாக உதிர்ந்து வள்ளியாறு, குழித்துறையாறு வழியே கடலை நோக்கி வருகின்றன. முகத்துவாரத்தை அடையும்போதும் அந்த மணலில் பெரும்பகுதி வெள்ளை குவார்ட்ஸ்தான். கருமணல் அதற்குள் சிதறிக் கிடக்கும்.

இங்கே எடைக்கணக்கு ஒன்றைப் பார்க்க வேண்டும். ஒரே அளவுள்ள இரண்டு மணிகளை எடுத்துக்கொண்டால், இல்மனைட் குவார்ட்ஸைப் போல ஏறக்குறைய 1.8 மடங்கு கனம். கடல்நீருக்குள் இறங்கியதும் நீரின் தாங்குதல் இரண்டின் எடையையும் குறைத்துவிடுகிறது. அப்படிக் குறைந்தபின் பார்த்தால் இல்மனைட் 2.2 மடங்குக்கு மேல் கனமாக நிற்கும். மோனசைட் இன்னும் கனம். ஆக, நீர் இந்த வேறுபாட்டைப் பெரிதாக்குகிறது.

ஆனால் கடலில் விழும் மணிகள் ஒரே அளவில் இருப்பதில்லை. 0.25 மில்லிமீட்டர் குவார்ட்ஸ் மணியும், சுமார் 0.15 மில்லிமீட்டர் இல்மனைட் மணியும் நீரில் ஏறத்தாழ ஒரே வேகத்தில்தான் மூழ்கும். சிறியது கனத்தால் வேகம் பெறுகிறது, பெரியது உருவத்தால். எனவே அலை தணிந்ததும் இரண்டும் ஒன்றாகவே தரையில் படிகின்றன. மூழ்கும் வேகத்தை மட்டும் நம்பியிருந்தால் கருமணல் ஒருநாளும் தனியே பிரிந்திருக்காது.

பிரிவது படிந்த பிறகுதான். படிந்த மணலின் மேற்பரப்பில் பெரிய குவார்ட்ஸ் மணிகள் தலை நீட்டிக்கொண்டிருக்கும். ஓடும் நீரின் இழுப்பு முழுவதும் அவற்றின்மீது விழும். சிறிய இல்மனைட் மணிகளோ பெரியவற்றின் இடுக்குகளில் ஒண்டிக் கிடக்கும். நீரின் வேகம் அவற்றைச் சரியாகத் தொடுவதுகூட இல்லை. தொட்டாலும் புரட்ட முடியாத கனம். கரையேறும் அலை வெள்ளை, கறுப்பு எல்லாவற்றையும் மேலே தள்ளிக்கொண்டு வருகிறது. அதன் நீரில் ஒரு பகுதி மணலுக்குள் இறங்கிவிடுவதால், திரும்பும் நீர் மெல்லிய படலமாக, குறைந்த பலத்துடன் சரிகிறது. அந்தப் பலத்துக்கு குவார்ட்ஸ் உருளும், இல்மனைட் உருளாது. முறத்தில் புடைக்கும்போது பதர் பறந்து நெல் தங்குவதுபோல, கரையில் கனமணல் தங்கிவிடுகிறது.

கருமணல் குவிவதற்குக் காரணம், கடல் அதைத் தேடிக் கொண்டுவந்து கொட்டுவதல்ல. கூட இருந்த வெள்ளை மணலை வாரிச் செல்வதுதான். பால் கோமரும் சி. வாங்கும் அமெரிக்காவின் ஓரிகன் கடற்கரையில் செய்து 1984-இல் வெளியிட்ட ஆய்வும் இதைத்தான் காட்டியது. கனமும் நுண்மையும் சேர்ந்த மணிகள் அங்கே கரையின் மேற்பகுதியில் பின்தங்கின. இலேசான, பெரிய மணிகள் கடல் பக்கம் போய்விட்டன.

இதை ஏற்றுக்கொண்டால் மணவாளக்குறிச்சியின் பருவக்கணக்கு புரியும். ஆனி, ஆடியில் தென்மேற்குப் பருவக்காற்று வீசும்போது உயர்ந்த அலைகள் கரையை அரிக்கின்றன. வெள்ளை மணல் ஆழத்துக்கு இழுபட்டு, கரையின் மேற்பகுதி கறுக்கிறது. கடல் தணிந்தபின் சிறிய அலைகள் அந்த வெள்ளை மணலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக் கொண்டுவந்து கருமணலின்மேல் போர்த்துகின்றன. அடுத்த ஆண்டு மறுபடி அரிப்பு, மறுபடி போர்வை. கரையில் பள்ளம் தோண்டினால் கறுப்பும் வெளுப்புமாக மாறிமாறி வரும் வரிகள் இந்தப் பருவங்களின் பதிவு. இலங்கையின் புல்மோட்டையிலும் கருமணல் இப்படித்தான் சேர்கிறது. அது கிழக்குக் கரை என்பதால் அங்கே வடகிழக்குப் பருவக்காற்று இந்த வேலையைச் செய்கிறது.

எல்லாக் கரையும் ஏன் கறுப்பதில்லை? அலைகள் சாய்வாக வந்து மோதும்போது கரையை ஒட்டி ஒரு நீரோட்டம் பிறந்து மணலை நெடுகத் தள்ளிக்கொண்டு போகும். அந்த ஓட்டத்திலும் வெள்ளை மணல் முந்தும், கருமணல் பிந்தும். குளச்சலுக்கும் முட்டத்துக்கும் இடையே உள்ளதுபோல் பாறை முனைகள் கடலுக்குள் நீண்டிருந்தால், பின்தங்கியது அவற்றுக்கிடையே அகப்பட்டுக்கொள்ளும். மணல் தங்காத நேர்க்கரையில் ஒரு பருவத்தில் தெரிந்த கறுப்பு அடுத்த பருவத்தில் காணாமல் போகலாம்.

மேலே தெரியும் கறுப்பை வைத்து அளவைத் தீர்மானித்தால் ஏமாந்து போவோம். பல கரைகளில் அது இரண்டு விரற்கடை கனமே உள்ள தோல். அதன் கீழே வெறும் வெள்ளை மணல். அதனால் நிலவியலாளர்கள் கரைக்குக் குறுக்கே வரிசையாகத் துளையிட்டு, ஆழத்துக்கேற்ப மணல் எடுத்து, கனமான கனிமங்களைப் பிரித்து நிறுக்கிறார்கள். கறுப்பெல்லாம் இல்மனைட்டும் அல்ல. சாதாரணக் காந்தத்தில் பாய்ந்து ஒட்டினால் அது மேக்னடைட். இல்மனைட்டை இழுக்க வலுவான காந்தம் வேண்டும். மோனசைட் கறுப்பே அல்ல, தேன் நிற மஞ்சள். தோரியத்தால் வரும் கதிரியக்கமே அதைக் காட்டிக்கொடுக்கும். இந்தக் கரை ஊர்களில் இயற்கைக் கதிர்வீச்சு மற்ற இடங்களைவிட அதிகமாக இருப்பதும் அதனால்தான்.

இல்மனைட்டைவிட மோனசைட் கனமாக இருந்தும் கரையில் குறைவாகவே கிடைப்பதற்கு மூலப்பாறையில் அது குறைவு என்பதே காரணம். அலைக்குப் பிரிக்கத்தான் தெரியும், உண்டாக்கத் தெரியாது.

மழைக்காலம் தோறும் கருமணல் புதிதாக வந்து சேர்கிறது, ஆகவே எடுக்க எடுக்கக் குறையாது என்ற வாதத்தை இங்கே நிறுத்திப் பார்க்க வேண்டும். ஆண்டுதோறும் கண்ணுக்குத் தெரிவதில் பெரும்பகுதி ஏற்கெனவே கரையில் இருந்ததை அலை மீண்டும் புடைத்துத் தந்தது. புதுவரவு ஆறுகள் வழியே வர வேண்டும். அணைகள் மணலின் ஒரு பங்கை மலையடிவாரத்திலேயே நிறுத்திவிடுகின்றன, தூண்டில் வளைவுகள் கரையோர நீரோட்டத்தைத் தடுக்கின்றன. கரை கறுக்கிறது என்றால் அந்த இடத்தில் அந்த வேளையில் கரை தேய்கிறது என்று பொருள். எனவே மணல் எடுக்க அனுமதி தருவோர் அதில் எவ்வளவு இல்மனைட் என்று கேட்பதோடு நிறுத்தாமல், அந்தக் கரைக்கு ஓராண்டில் எவ்வளவு மணல் வருகிறது, எவ்வளவு போகிறது என்ற கணக்கையும் அளந்து, அங்கே குடியிருக்கும் மீனவர்களின் முன் வைக்க வேண்டும்.